ஒன்று இருபத்திரண்டில் ஒரு மேடு

எங்கள் முதலாளிக்கு மேடு என்றால் உயிர். வீடியோவின் ஒவ்வொரு வினாடியும் எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்று காட்டும் கோடு எங்கேயாவது ஏறியிருந்தால் போதும், அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் அவர் செலவில் டீ வரும். அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வைரல் சார். மூன்று பேர் என்றால் ஒளிப்பதிவாளர், படங்களும் எழுத்துகளும் வரைகிற என் நாத்தனார், அப்புறம் நான். வெட்டி ஒட்டுவதும் நான்தான், அந்தக் கோடுகளைப் பார்த்து அர்த்தம் சொல்வதும் நான்தான். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கதையின் பாதியில் நீங்களே பார்ப்பீர்கள்.

ஒரு கண் மருத்துவமனைக்காக மூன்று நிமிட வீடியோ ஒன்று செய்து கொடுத்திருந்தோம். கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் ஃபோனுக்கு அதன் லிங்க் போகும். முகத்தை எப்படிக் கழுவுவது, எப்போது குனியலாம், மூன்று பாட்டில் சொட்டு மருந்தை எந்த வாரம் எத்தனை தடவை விடுவது, எல்லாம் அதில் உண்டு. வெள்ளை மூடியும் நீல மூடியும் சுலபம். ரோஸ் மூடிதான் தகராறு. முதல் வாரம் ஆறு தடவை, பிறகு வாரா வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும், சட்டென்று நிறுத்தவும் கூடாது. இதையெல்லாம் ஓர் அட்டவணையாக என் நாத்தனார் வரைந்திருந்தாள். டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிடம் இருபத்திரண்டாவது வினாடியில் அந்த அட்டவணை வரும்.

அங்கேதான் மேடு. நூறு பேர் வீடியோவைத் தொடங்கினால், அட்டவணைக்கு முந்தைய வினாடியில் கோடு எண்பத்தொன்றில் இருந்தது. அட்டவணையில் நூற்று இருபத்தேழுக்கு ஏறியது. இருக்கிற எண்பத்தொரு பேர் திரும்பத் திரும்பப் பின்னால் இழுத்துப் பார்த்தால்தான் அப்படி ஏறும். வைரல் சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஜனங்களுக்கு இது அவ்வளவு பிடித்திருக்கிறது, இனி எல்லா வீடியோவிலும் இந்த மாதிரி அட்டவணை ஒன்று வைக்க வேண்டும் என்றார். மேட்டை அடுத்து ஒரு பள்ளம் இருந்ததை அவர் பார்க்கவில்லை. அட்டவணை மறைந்ததும் கோடு நாற்பத்துநான்குக்கு விழுந்திருந்தது. கண்ணில் வலி வந்தால் என்ன செய்வது என்ற பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து தலைமை நர்ஸ் வந்தார். நாங்கள் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். வந்ததும் டீ வேண்டாம் என்றார். வார்டு ஃபோன் ஓயாமல் அடிக்கிறதாம். ரோஸ் மூடி எத்தனை தடவை என்றுதான் பாதிப் பேர் கேட்கிறார்களாம். அந்தப் படங்களையெல்லாம் எடுத்துவிட்டு டாக்டர் பேசுவதை மட்டும் வைத்துக் கொடுங்கள், அடுத்து வரப்போகிற பன்னிரண்டு வீடியோவையும் அப்படியே எடுத்தால் போதும் என்றார்.

என் நாத்தனார் அப்போது தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். திறந்தாள், குடிக்காமல் மூடிவிட்டாள். பன்னிரண்டு வீடியோவிலும் படம் வேண்டாம் என்றால் அவளுக்கு இங்கே வேலை இல்லை. பிள்ளைகளை வளர்க்க ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு, நான் சொல்லித்தான் ஐந்து மாதத்துக்கு முன் சேர்ந்தவள். முதல் சம்பளத்தில் அவள் தனக்கென்று ஒரு செருப்பு வாங்கினாள், அதைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது அவள் முதுகு நிமிர்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. சிஸ்டர் மேலா, முதலாளி மேலா, இவள் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாத கோபம்.

இரண்டு வாரம் கொடுங்கள், படத்தால்தான் ஆட்கள் போகிறார்களா, படம் தெரியாததால் போகிறார்களா என்று கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சரி என்றார்.

பொது வலைத்தளங்களில் என்றால் மொத்தக் கோடு மட்டும்தான் கிடைக்கும். இந்த வீடியோ மருத்துவமனையின் சொந்த இணையப் பக்கத்தில் ஓடியது நல்லதாகப் போயிற்று. யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது, ஆனால் எப்போது நிறுத்தினார்கள், எங்கே பின்னால் இழுத்தார்கள், எந்த வினாடியில் விட்டுவிட்டுப் போனார்கள், திரை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் வரிவரியாகப் பதிவாகியிருந்தது. முதலில் கம்ப்யூட்டரில் பார்த்தவர்களைத் தனியாகப் பிரித்தேன். அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. துள்ளிக் குதித்திருப்பேன், ஆனால் அவர்கள் மொத்தமே அறுபத்துமூன்று பேர், அதிலும் பாதி மருத்துவமனை ஊழியர்களாகவே இருக்கலாம். அவர்களை வைத்து நோயாளிகளைப் பற்றிச் சொன்னால் சிஸ்டர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அதனால் ஃபோனில் பார்த்த ஆயிரத்துச் சொச்சம் பேரையே திரையின் அகலத்தை வைத்து இரண்டாகப் பிரித்தேன்.

பெரிய ஃபோன்களில் மேடு நூற்று நான்கு. சின்ன ஃபோன்களில் நூற்று முப்பத்தொன்பது. மேட்டுக்குப் பிறகு பெரிய ஃபோனில் அறுபத்தொரு பேர் மிஞ்சினார்கள், சின்னதில் முப்பத்தாறு. ஒரே குரல், ஒரே டாக்டர், ஒரே அட்டவணை. பிடித்துப்போய்த் திரும்பப் பார்ப்பதாக இருந்தால் திரை சின்னதாக ஆக ஆக ஏன் அதிகம் பிடிக்க வேண்டும்? பிடிக்கவில்லை, படிக்க முடியவில்லை. கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உள்ளங்கை அகலத் திரையில் எறும்பு வரிசையைக் காட்டியிருக்கிறோம்.

இதைச் சொல்ல வேண்டிய விதத்தில் நான் சொல்லவில்லை. என் நாத்தனார் மேசைக்குப் போய், எல்லார் முன்னாலும், பெரிய திரையில் அழகாகத் தெரிகிற மாதிரி வரைந்தால் மட்டும் போதாது, பார்க்கிறவன் கையில் என்ன ஃபோன் இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "சரிங்கண்ணி" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

திருத்துவதையும் நானே செய்தேன். யாரை நம்பி விடுவது என்ற திமிர்தான். ஒரே அட்டவணையை வாரத்துக்கு ஒன்றாக நான்கு அட்டைகளாகப் பிரித்தேன், எழுத்தை இரண்டு மடங்கு ஆக்கினேன், ஆறு வினாடிக்குப் பதிலாக ஒவ்வோர் அட்டைக்கும் எட்டு வினாடி கொடுத்தேன். மேல்பாதியில் டாக்டர் முகம், கீழ்ப்பாதியில் அட்டை, பழையபடியே. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அவசரத்தில் மூன்றையும் ஒன்றாக மாற்றினேன். வீட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய வீடியோ, பாதிப் பேருக்குப் புதியது என்று, யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் போக ஏற்பாடு செய்தோம்.

நான்கு நாளில் வந்த கோட்டைப் பார்த்து எனக்கு முகம் தொங்கிவிட்டது. மேடு நூற்று இருபத்தேழிலிருந்து நூற்று மூன்றுக்கு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். பிறகு மிஞ்சியவர்கள் ஐம்பத்திரண்டு. எழுத்து இப்போது பெரியது, நேரமும் தாராளம். பின் எதற்கு இன்னும் திரும்ப இழுக்கிறார்கள்? ஒருவேளை சிஸ்டர் சொன்னதுதான் சரியோ, படமே தொந்தரவுதானோ என்று மனசு கேட்க ஆரம்பித்தது. அவளிடம் என்னவென்று சொல்வேன், என் வீட்டுக்காரரிடம் என்னவென்று சொல்வேன் என்று பயமாகவும் இருந்தது. அதை மறைப்பானேன்.

கோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு வரிவரியான பதிவைப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு ஆள், ஒரு வீடியோ, அவர் அழுத்தியதெல்லாம் வரிசையாக. நிறுத்து. ஒரு வினாடியில் ஓட்டு. உடனே நிறுத்து. ஓட்டு. பின்னால் பத்து வினாடி. நிறுத்து. ஓட்டு. போய்விட்டார். அடுத்த ஆளும் அப்படியே. அதற்கடுத்தவரும். படிப்பதற்காக நிறுத்துகிறவர் ஏன் ஒரே வினாடியில் மறுபடி ஓட்ட வேண்டும்? நிறுத்திவிட்டுச் சாவகாசமாகப் படிக்கலாமே. கை நடுங்குகிறவர்கள் தப்பாக அழுத்துகிறார்களோ என்று பார்த்தால், வீடியோவின் வேறெந்த இடத்திலும் அப்படி இல்லை. அட்டையில் மட்டும்தான்.

ஒளிப்பதிவாளரிடம் விரிசல் விழுந்த ஒரு பழைய சின்ன ஃபோன் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நின்று, அந்த லிங்கைத் திறந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த வீடியோவை மருத்துவமனையின் இணையப் பக்கத்தில், ஃபோனில், நோயாளி பார்க்கிற மாதிரி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் ஆபீஸில் எல்லாமே வெட்டுகிற மென்பொருளில், இரண்டடித் திரையில்தான். அங்கே நிறுத்தினால் படம் அப்படியே நிற்கும்.

ஃபோனில் நிறுத்தினேன். படம் மங்கியது. அடியிலிருந்து ஒரு கறுப்புப் பட்டை ஏறி வந்தது, ஓட்டுகிற பொத்தான், நேரம், சத்தத்தின் அளவு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு. அட்டையில் அடி வரி மறைந்தே போயிற்று. அடி வரிதான் ரோஸ் மூடி. படிக்க நிறுத்தினால் மறைகிறது, மறைகிறதே என்று ஓட்டினால் போய்விடுகிறது. நிறுத்தி ஓட்டி நிறுத்தி ஓட்டிக் கடைசியில் ஜனங்கள் அலுத்துப்போய் வார்டுக்கு ஃபோன் போட்டிருக்கிறார்கள். 

அட்டையை மேலே ஏற்றினால் தீர்ந்தது. அதற்கு அசல் படம் வேண்டும் என்று அவளுடைய கோப்பைத் திறந்தேன். தேவையான வரிகளை வெட்டி எடுப்பதோடு சரி, ஐந்து மாதத்தில் நான் அவள் அனுப்பிய கோப்பை முழுதாகத் திறந்து பார்த்ததும் அன்றைக்குத்தான். அட்டவணை முழுத் திரைக்கு வரையப்பட்டிருந்தது. எழுத்துகள் நான் பெரிதாக்கியதைவிடப் பெரியவை. ரோஸ் மூடி முதல் வரியில் இருந்தது. கீழே கால்வாசி இடம் காலி. ஓரத்தில் அவள் குறிப்பு எழுதியிருந்தாள்: "கீழே இடம் விட்டிருக்கிறேன், நிறுத்தினால் பட்டை வரும். பன்னிரண்டு வினாடியாவது இருக்கட்டும்."

அதைக் கீழ்ப்பாதிக்குச் சுருக்கியது நான். டாக்டர் முகம் போகக் கூடாது என்று வைரல் சார் சொன்னார், உண்மைதான், ஆனால் சுருக்கிய கை என்னுடையது. இழுவையாக இருக்கிறது என்று பன்னிரண்டை ஆறாக வெட்டியதும் நான். பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுக்கிற வரிசைப்படி இருக்கட்டும் என்று ரோஸ் மூடியை அடிக்குத் தள்ளியதும் நானேதான். செய்ததெல்லாம் மறந்துபோய் அவளைப் போய் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன்.

அவள் சாப்பாட்டு மேசையில் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"இது உனக்கு முன்னாடியே தெரியும். ஏன் சொல்லலை?"

"எழுதித்தான் வச்சிருந்தேன் அண்ணி." டப்பாவின் மூடியை இன்னொரு தடவை அழுத்தினாள். "அப்புறம் வாயாலயும் சொன்னா, அண்ணி சிபாரிசுல வந்தவ, அண்ணிக்கே வேலை சொல்லிக் கொடுக்கிறான்னு பேசுவாங்க. உங்களுக்கும் அப்படித்தான் தோணியிருக்கும்."

தோன்றியிருக்கும். 

"என்னை மன்னிச்சுடு," என்றேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அதிகம் உபயோகிக்காத வார்த்தை. அவள் டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த இரண்டு துண்டு ஆப்பிளை என் பக்கம் தள்ளினாள்.

அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். இந்தத் தடவை ஒன்றை மட்டும்தான் மாற்றினோம், இடத்தை. நான் செய்த நான்கு அட்டைகள், அதே எழுத்து, அதே எட்டு வினாடி, அதே வரிசை. அட்டை வருகிற நேரம் மட்டும் டாக்டர் முகத்தை எடுத்துவிட்டு, அட்டையைத் தூக்கி மேலே வைத்தோம். அவளுடைய அசல் வரிசையையே போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம், அப்புறம் எதனால் சரியாச்சுன்னு உங்களாலேயே சொல்ல முடியாது என்று அவள்தான் தடுத்தாள். எனக்கு மூக்கு உடைந்தது, ஆனால் வலிக்கவில்லை. மறுபடியும் பாதிப் பேருக்குப் பழையது, அதாவது நான் முதலில் திருத்திய வீடியோ, பாதிப் பேருக்கு இது.

சிஸ்டர் சொன்ன நாளில் வந்தார். வைரல் சார் புதிய கோட்டைப் பெரிய திரையில் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மேடு காணாமல் போயிருந்தது. அட்டைக்கு முன் எண்பத்திரண்டு, அட்டையில் எண்பத்தெட்டு, பிறகு எழுபத்தொன்று. துணி காயப்போடுகிற கயிறு மாதிரி லேசாகத் தொங்கிக்கொண்டு போயிற்று. இருந்த ஒரு மேட்டையும் அழித்துவிட்டாயே என்றார் என்னிடம். அதே நாட்களில் பழைய வீடியோ பார்த்தவர்களின் கோட்டைப் பக்கத்தில் வைத்தேன். அங்கே மேடும் பள்ளமும் அச்சு அசலாக அப்படியே இருந்தன. வார்டுக்கு வந்த ஃபோன்களை சிஸ்டர் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். ரோஸ் மூடி கேட்டவர்கள் முப்பத்தெட்டு பேர். யாருக்கு எந்த வீடியோ போனது என்ற பட்டியலோடு அவரே உட்கார்ந்து பொருத்திப் பார்த்தார். இருபத்தொன்பது பேர் பழையது பார்த்தவர்கள். ஒன்பது பேர் புதியது.

"ஆக, படம் வேணும்," என்றார் சிஸ்டர்.

"படம் முதல்லயே சரியாத்தான் இருந்துச்சு சிஸ்டர். கெடுத்தது நான்." அவளுடைய அசல் கோப்பைத் திறந்து, ஓரத்தில் இருந்த குறிப்பைப் பெரிதாக்கிக் காட்டினேன். வைரல் சார் கூரையைப் பார்த்தார். வாடிக்கையாளர் முன்னால் இப்படியா போட்டு உடைப்பது என்று பிறகு எனக்கு அர்ச்சனை நடந்தது. நடக்கட்டும்.

சிஸ்டர் குறிப்பை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு நாற்காலியை என் நாத்தனார் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு வீடியோவுக்கும் என்னென்ன படம் வேண்டும் என்று அவளிடமே கேட்க ஆரம்பித்தார். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று, குழந்தைகளுக்குக் கண்ணாடி போடுவது பற்றி ஒன்று என்று பேச்சு நீண்டது. அவள் முதலில் என்னைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அட்டவணையில் ரோஸ் மூடியை முதல் வரிக்குக் கொண்டுவருவதை அடுத்த வாரம் தனியாகச் சோதிப்போம் என்று அவளே சிஸ்டரிடம் சொன்னாள்.

சிஸ்டர் போன பிறகு அவள் என் மேசைக்கு வந்தாள். கோடு வேண்டாம், அந்த வரிவரியாக இருக்குமே, அதைக் காட்டுங்கள் என்றாள். புதிய வீடியோவின் பதிவைத் திறந்து, சின்ன ஃபோன்களை மட்டும் பிரித்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து படித்தோம். ஒரு ஆள். முதல் அட்டை, நிறுத்து. பத்தொன்பது வினாடி. ஓட்டு. இரண்டாவது அட்டை, நிறுத்து. இருபத்திரண்டு வினாடி. ஓட்டு. மூன்றாவது, நான்காவது, அதேபோல. ஒரு தடவைகூடப் பின்னால் இழுக்கவில்லை. கடைசி வினாடி வரை இருந்திருக்கிறார்.

ஓர் அட்டையைப் படிக்க நாலு வினாடி போதுமே, எதற்கு இருபது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "எழுதிக்கிறாங்க அண்ணி."